ஸ்லைடில் தொலைந்த வினைமுற்று

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியின் கட்டுரை நோட்டைச் சில வாரங்களுக்கு முன் பார்த்தேன். தலைப்பு: ‘பாண்டியன் நீதி தவறியது எவ்வாறு?’ கீழே முன்னுரை, ஆசிரியர் குறிப்பு, தேவியின் கனவு, வாயிலோன் கூற்று, கண்ணகியின் வருகை, சிலம்பு உடைதல், அரசன் இறத்தல், முடிவுரை என்று உட்தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரிகள். எழுத்துப் பிழை இல்லை, கையெழுத்து அழகு. ஆனால் அரசன் எப்படி நீதி தவறினான் என்ற கேள்விக்கு அந்த மூன்று பக்கத்தில் ஒரு வரியும் விடை சொல்லவில்லை.

‘இப்படி எழுதச் சொன்னது யார்?’ என்று கேட்டேன். வகுப்பில் போட்ட ஸ்லைடுகளை வைத்து எழுதினேன் என்றாள். அந்தத் தொகுப்பையும் வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். ஸ்லைடுகளின் தலைப்புகள்தான் உட்தலைப்புகளாக இறங்கியிருந்தன.

தொகுப்பு மோசமானதல்ல. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பதினாறு ஸ்லைடுகளில் சொல்கிறது. முதலில் தலைப்பு, அடுத்து இளங்கோவடிகளும் நூலும்: மூன்று காண்டம், முப்பது காதை. மூன்றாவது முன்கதைச் சுருக்கம். பிறகு கோப்பெருந்தேவி கண்ட தீக்கனவுக்கு இரண்டு, வாயிலோன் ஓடி வந்து சொல்வதற்கு ஒன்று, கண்ணகிக்கு இரண்டு, அரசன் மறுமொழிக்கு ஒன்று, முத்தும் மாணிக்கமும் ஒன்று, சிலம்பு உடைந்து அரசன் சாய்வதற்கு இரண்டு. ஊழ்வினைக்கு ஒன்று. கடைசியில் சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, வினாக்கள். பாடம் நடத்த இது நல்ல வரிசை. கனவில் தொடங்கி அச்சத்தைக் கூட்டி, சிலம்பு உடையும் இடத்தில் வகுப்பை மூச்சடக்க வைக்கலாம்.

பாடம் நடத்தும் வரிசை கேட்பவரை அடுத்த காட்சிக்கு இழுத்துப் போகிறது. கட்டுரையின் வரிசை, ஒரு கேள்விக்கு விடை சொல்லி அதை நிறுவ வேண்டியது. முன்னதை அப்படியே பின்னதாக எழுதினால் கிடைப்பது கதைச் சுருக்கம். 8 மதிப்பெண் நெடுவினாவில் பல மாணவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். கதை தெரியாததால் அல்ல, கதையை விட்டு வெளியே வரத் தெரியாததால்.

இதற்குத் தமிழ் வாக்கிய அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. யார் என்ன செய்தார், ஏன் செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்பதெல்லாம் கடைசியில் வரும் வினையிலும், அதற்கு முன் வரும் எச்சங்களிலும் உருபுகளிலும் இருக்கிறது. ஸ்லைடில் இடம் குறைவு. ஆகவே நாம் முதலில் வெட்டுவது வினையைத்தான். ‘அரசன் கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பினான்’ என்பது ‘கொல்லன் சொல்’ என்று சுருங்குகிறது. ‘தேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம், அதனால் கோவலன் கள்வன் அல்லன் என்று தெரிந்தது’ என்பது ‘முத்து × மாணிக்கம்’ ஆகிவிடுகிறது. வகுப்பில் ஆசிரியர் வாயால் அந்த வினையைச் சேர்த்துச் சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போகும் கோப்பில் அது இருக்காது. அந்த மாணவியின் நோட்டில் ‘சிலம்பு உடைதல்’ என்ற உட்தலைப்பின் கீழ் இரண்டு மணிகளின் நிறமும் சிறப்பும் எழுதப்பட்டிருந்தன. அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஸ்லைடு அவளுக்குக் கொடுத்தது இரண்டு பெயர்ச்சொற்கள் மட்டும்தான்.

ஆகவே முதல் வேலை, விட்டுப்போன வினையைத் திரும்பச் சேர்ப்பது. தொகுப்பைத் திறந்து ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரே ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும், வினைமுற்றோடு. ஒரு பாடவேளைக்குள் இது முடியும். சொற்பொருள், இலக்கணக் குறிப்பு ஸ்லைடுகளுக்கு அப்படி வாக்கியம் எழுத வராது. அவை இந்தக் கட்டுரைக்கு உரியவை அல்ல என்று அதிலேயே தெரிந்துவிடும். நூலையும் ஆசிரியரையும் பற்றிய ஸ்லைடு முன்னுரையில் ஒரு சொற்றொடராக ஒடுங்கும்.

அடுத்து, எழுதிய வாக்கியங்களை வினாவின் முன் நிறுத்த வேண்டும். பலரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். ‘நீதி தவறியது எவ்வாறு’ என்று கேட்டால், முதலில் நீதி எந்த இடத்தில் தவறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாடம் வழக்குரை காதை என்பதால் மாணவர்கள் அதற்குள்ளேயே தேடுகிறார்கள். ஆனால் அந்தக் காதையில் பாண்டியன் பெரும்பாலும் முறையாகத்தான் நடந்துகொள்கிறான். வந்தவளை உள்ளே அழைக்கிறான், யாரென்று கேட்கிறான், சிலம்பைக் கொண்டுவரச் செய்கிறான், உண்மை தெரிந்ததும் தன்னையே கள்வன் என்று சொல்லி உயிர் விடுகிறான். தவறு நடந்தது அதற்கு நான்கு காதை முன்னால், கொலைக்களக் காதையில். தொகுப்பில் அது மூன்றாவது ஸ்லைடில், ‘முன்கதைச் சுருக்கம்’ என்ற பெயரில், ஒரே வரியாகக் கிடக்கிறது.

அங்கே நடந்ததைப் பாருங்கள். ஊடிப் போன தேவியைத் தணிக்க அரசன் அவள் இருக்கும் இடம் நோக்கிப் போகிறான். வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடியவன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் நின்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காவலரை அழைத்து, தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். ‘இருந்தால்’ என்று ஒரு நிபந்தனை அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தேவியின் சிலம்புதானா என்று யார் பார்ப்பது? காவலரைக் கூட்டிக்கொண்டு போகிறவன் அதே கொல்லன். குற்றம் சாட்டியவனே சோதிப்பவனாகவும் ஆகிவிட்டான். தேவியின் சிலம்பை உண்மையில் திருடியவனும் அவன்தான். கோவலனைப் பார்த்த காவலர், இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தையும் கள்வர்களின் சூழ்ச்சிகளை அடுக்கிப் பேசிக் கொல்லனே அடைக்கிறான். கடைசியில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இதன் பிறகு பத்தாவது ஸ்லைடுக்கு வந்தால் அது வேறு மாதிரித் தெரியும். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதும், எம்முடையது முத்து என்கிறான் அரசன். அவனுக்கு அது முன்பே தெரியும். கோவலன் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சான்று அவனுடைய அறிவிலேயே இருந்தது. கேட்க வேண்டிய கேள்வியும் அவனிடமே இருந்தது. அதை அவையில் கேட்டான், கொல்லச் சொல்லும் முன் கேட்கவில்லை. கட்டுரையின் நடு இடம் இதுதான். கனவுக்கு இரண்டு ஸ்லைடு தந்த தொகுப்பில் இதற்கு ஒரு பெருக்கல் குறிதான் கிடைத்தது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது சட்டகம் போடலாம். நான் அந்த மாணவியோடு உட்கார்ந்து போட்டது இது. முன்னுரையில்: ‘தண்டனை கடுமையானது என்பதல்ல பாண்டியனின் பிழை, குற்றம் நடந்ததா என்று ஆராயாமல் தண்டித்ததே பிழை.’ அடுத்த பத்திக்கு: ‘சான்று கேட்க வாய்ப்பு இருந்தும், வழியில் நின்று ஒருவன் சொல்லை மட்டும் நம்பி ஆணையிட்டான்.’ அதற்கடுத்து: ‘அதனால் சோதிக்கும் வேலை குற்றம் சாட்டியவன் கைக்கே போயிற்று.’ நான்காவது: ‘எனவேதான் அவையில் கண்ணகி இரக்கம் கேட்கவில்லை, அரசன் செய்யத் தவறிய சோதனையைத் தானே செய்து காட்டினாள்.’ சிபியும் மனுநீதிச் சோழனும் அவள் வாயில் ஏன் வருகிறார்கள் என்பது இந்த வரிக்குள் இயல்பாக அடங்குகிறது. அவர்களுக்குத் தனி உட்தலைப்பு வேண்டாம்.

சட்டகம் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு வரிகளுக்கு நடுவே எந்த இணைப்புச் சொல் பொருந்துகிறது என்று பாருங்கள். ‘அதனால்’, ‘எனவே’, ‘ஆனாலும்’ பொருந்தினால் கட்டுரை நகர்கிறது. ‘பிறகு’ மட்டும் பொருந்தினால் மறுபடியும் கதைக்குள் போய்விட்டோம். அவளுடைய பழைய உட்தலைப்புகள் எட்டையும் இப்படி இணைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்த இடத்திலெல்லாம் ‘பிறகு’தான் வந்தது. மூன்றாவது முறை அவளே நிறுத்திவிட்டாள்.

சட்டகத்தில் இன்னும் ஊழ்வினை ஸ்லைடு மிச்சம். வழக்கமாக இது முடிவுரையில் ‘ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்’ என்ற கருத்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி வைத்தால் முன்னால் சொன்னதெல்லாம் கரைந்துவிடும்: எல்லாம் விதி என்றால் அரசன் எப்படிக் குற்றவாளி ஆவான்? இது கட்டுரைக்கு எதிராக நிற்கும் வாதம். ஆகவே முடிவுரைக்கு முன்னாலேயே எடுத்துவைத்துப் பதில் சொல்ல வேண்டும். அரசன் ஆணையிட்டதை, வினை விளையும் காலம் வந்ததால் நேர்ந்ததாகவே காப்பியமும் சொல்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவையில் உயிர் விடுமுன் பாண்டியன் விதியைச் சொல்லித் தப்பிக்கவில்லை. கொல்லன் சொல்லைக் கேட்ட நான் அரசனா என்று தன்னைத்தான் கேட்கிறான். எனவே ஐந்தாவது வரி ‘ஆனாலும்’ என்று தொடங்கியது: ‘ஆனாலும் ஊழ் என்று காப்பியம் சொன்னபோதிலும், பிழையைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டவன் பாண்டியனே.’

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையைக் கோவையாகச் சொல்வதே பெரிய பயிற்சி; அவர்களுக்கு ‘பிறகு’ போதும். ‘காட்சியை வருணிக்க’ என்று வினா வந்தாலும் ஸ்லைடு வரிசை கிட்டத்தட்ட அப்படியே உதவும். தேவியின் கனவு அங்கே முதலிடத்துக்கு வரும். உட்தலைப்பு இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லலாம்: உட்தலைப்பு போடுங்கள், ஆனால் முழு வாக்கியத்தை எழுதிய பிறகு அதிலிருந்து சுருக்கிப் போடுங்கள். ‘சாட்டியவனே சோதித்தான்’ என்பது நல்ல உட்தலைப்பு. ‘கொல்லன் சொல்’ என்பது அந்த மாணவிக்கு மறுபடியும் வெற்றுப் பெயர்தான்.

முடிவுரைக்கு என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். தொகுப்பில் அதற்கு ஸ்லைடு இல்லை. வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் பாண்டியனின் சாவைக் கேள்விப்பட்டு, வளைந்த கோலை அவன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்று சொல்லும் இடத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, ‘அப்போ அவன் தப்பு செஞ்சவனா, நல்லவனா ஐயா?’ என்று கேட்டாள். அதையே கடைசிப் பத்தியில் எழுதச் சொன்னேன். ஸ்லைடுத் தொகுப்பை மூடிவிட்டு, காதையைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.