விருந்துக்குப் போகிறீர்களா? கையில் என்ன?

"ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு எங்கள் வீட்டில்தான். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்" என்று நண்பர் கூப்பிடுகிறார்.

போகத்தான் வேண்டும். வெறுங்கையோடு போக மனம் வராது. என்ன வாங்குவது?

பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றே. பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள மிட்டாய்க் கடையில் நுழைவார்கள். "அரைக் கிலோ ஸ்வீட் கொடுங்கள்" என்பார்கள். பெட்டி வந்துவிடும். வேலை முடிந்தது!

அந்தப் பெட்டி விருந்து வீட்டில் என்ன பாடுபடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாத்தா. தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. விருந்துக்கு என்று அந்த அம்மாள் சேமியா பாயசம் வைத்திருக்கிறாள். விருந்தாளி அரைக் கிலோ பால்கோவாவுடன் வந்து நிற்கிறார். பாயசம் குடித்த வயிற்றில் பால்கோவாவுக்கு இடம் ஏது? பெட்டி அலமாரிக்குப் போகிறது. வெயில் காலம். வெளியே வைத்த பால் பலகாரம் இரண்டொரு நாளில் புளிப்பு வாடை அடிக்கத் தொடங்கும். அதற்குள் தீர்க்க வேண்டுமே என்று பிள்ளைகள் தின்கிறார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் தாத்தாவும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்!

கொடுத்தவர் பேரில் குற்றம் இல்லை. முன்னதாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டால் தப்பா?

"என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தாலே போதும்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்கக் கூடாது. "தாத்தா இனிப்பு சாப்பிடுவாரா? வீட்டில் காபியா, டீயா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும். வேண்டிய விவரம் கிடைத்துவிடும்.

மேலே சொன்ன வீட்டுக்கு விருந்தாளி ஒதுக்கிய பணம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் என்ன செய்திருக்கலாம்?

ஒரு கிலோ கொய்யாப் பழம். தாத்தாவும் அளவோடு சாப்பிடலாம். பழம் முழுதும் கனிந்திருக்கக் கூடாது. பாதி கனிந்தும் பாதி காயாகவும் பொறுக்கினால் மூன்று நாளைக்கு வைத்துச் சாப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கால் கிலோ முறுக்கு. காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் பல நாள் கெடாது. வாங்குமுன் ஒன்றை ஒடித்து முகர்ந்து பார்க்க வேண்டும். பழைய எண்ணெய் வாடை வந்தால் அந்தக் கடையை விட்டு நகர வேண்டியதுதான். மீதிப் பணத்துக்குக் கொஞ்சம் காபித் தூள், அன்றைக்கே அரைத்தது. சிக்கரி கலந்து குடிப்பவர்களா, கலக்காமல் குடிப்பவர்களா என்பதையும் பேச்சோடு விசாரித்துக்கொண்டால் நல்லது. விலை ஊருக்கு ஊர் மாறும். பணம் போதாவிட்டால் காபித் தூளை விட்டுவிடலாம். பழத்தை விடக்கூடாது.

கருப்பட்டி சாப்பிடலாமா?

"கருப்பட்டி மிட்டாய்தானே, சர்க்கரை வியாதிக்காரருக்கு ஒன்றும் செய்யாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! கருப்பட்டியும் வெல்லமும் தேனும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இந்த நினைப்பில் அன்பாகக் கொடுத்து ஆபத்தில் மாட்டிவிடுகிறவர்கள் உண்டு.

சைவக் குடும்பத்துக்குக் கேக் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். சாதாரணக் கேக்கில் முட்டை இருக்கும். பெட்டியில் பச்சைக் குறி இருந்தால் சைவம். பழுப்புக் குறி என்றால் முட்டையோ இறைச்சியோ சேர்ந்தது.

பெட்டிக்கும் விலையா?

இனிப்புத்தான் வாங்குவது என்று தீர்மானித்தால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தேதி. கடையில் தட்டில் அடுக்கி விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். அந்தச் சீட்டு இல்லை என்றால் கேட்கலாம்.

மற்றொன்று, எடை. சில கடைகளில் அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதிலேயே இனிப்பை அடுக்கி, மொத்தத்துக்கும் விலை போடுகிறார்கள். பெட்டி 50 கிராம் என்றால் அரைக் கிலோவில் பத்தில் ஒரு பங்கு அட்டைதான்! பால்கோவா விலைக்கு அட்டை வாங்குவானேன்? "பெட்டி எடையைக் கழித்துப் போடுங்கள்" என்று கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு. பண்டத்தை மட்டுமே எடை போட வேண்டும் என்பது சட்டம்.

விருந்து வீட்டில் பொட்டலத்தை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட வேண்டும். "இப்போதே பிரியுங்கள், எல்லோரும் சாப்பிடலாம்" என்று வற்புறுத்தக் கூடாது. அடுப்படியில் அவள் சமைத்து வைத்ததுதான் அன்றைய சாப்பாடு. கொய்யாவும் முறுக்கும் நாளைக்கு.