பக்கத்துத் தெருவில் நிற்கும் ஆம்புலன்ஸ் உங்களுக்கு ஏன் வரவில்லை?

108-க்கு அழைத்தவர்கள் பலர் சொல்லும் புகார் இது: "வண்டி பக்கத்துலயே நின்னுச்சு. ஆனா எங்கிருந்தோ வேற வண்டி வந்துச்சு!" அந்த வண்டி ஏன் வரவில்லை? பதில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. 2008 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்த இலவச சேவைக்கு வரும் அழைப்புகளை அங்குள்ள கட்டுப்பாட்டு அறைதான் கையாள்கிறது. எந்த வண்டியை அனுப்புவது என்பதற்கு மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம், வண்டி காலியாக இருக்கிறதா, நோயாளியின் நிலை எவ்வளவு மோசம்?

கிலோமீட்டர் அல்ல, நிமிடம்

சென்னையின் மேற்குப் புறநகரில் தூரக் கணக்கு எளிதில் ஏமாற்றிவிடும். சென்ட்ரல் - அரக்கோணம் ரயில் பாதை அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என ஊர்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. வரைபடத்தில் 2 கிலோமீட்டரில் தெரியும் வண்டி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றால், சுற்றித்தான் வர வேண்டும். சி.டி.எச். சாலையில் 4 கிலோமீட்டர் தள்ளி நேர் வழியில் நிற்கும் வண்டி அதற்கு முன்னால் வந்துவிடலாம்.

ஒரு மாலை, இரண்டு அழைப்புகள்

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாலை 6.30 மணி. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் தலா ஒரு வண்டி காலியாக நிற்கிறது. திருமுல்லைவாயலிலிருந்து ஓர் அழைப்பு. பைக்கிலிருந்து விழுந்த இளைஞருக்குக் கால் முறிந்திருக்கிறது. நினைவு இருக்கிறது, பேசுகிறார், ரத்தம் நின்றுவிட்டது. ஆவடி வண்டி 9 நிமிடத்தில் போய்விடும். அம்பத்தூர் வண்டிக்கு 14 நிமிடம் ஆகும். ஆவடி வண்டியே கிளம்புகிறது.

6.34-க்கு ஆவடியிலிருந்தே இன்னோர் அழைப்பு. 58 வயதுக்காரருக்கு நெஞ்சுவலி, உடம்பெல்லாம் வியர்க்கிறது. இப்போது காலியாக இருப்பவற்றில் அம்பத்தூர் வண்டிதான் அருகில் இருக்கிறது. அது வர 20 நிமிடம், அதாவது 6.54. பூந்தமல்லி வண்டி இன்னும் தாமதமாகும்.

ஆனால், இளைஞர் இன்னும் வண்டியில் ஏறவில்லை. நோயாளியை ஏற்றாத வண்டியைப் பாதி வழியில் திருப்பிவிட முடியும். ஆவடி வண்டியைத் திருப்பினால் 6 நிமிடத்தில், 6.40-க்கு நெஞ்சுவலிக்காரரிடம் இருக்கும். அம்பத்தூர் வண்டி இளைஞரிடம் 6.48-க்குப் போகும்.

இளைஞருக்கு 9 நிமிடம் கூடுதல் காத்திருப்பு. நெஞ்சுவலிக்காரருக்கு 14 நிமிடம் மிச்சம். அந்த 9 நிமிடத்தில் காலில் வலி அதிகமாகலாம். உயிருக்கு ஆபத்து வரும் வாய்ப்பு குறைவு. நெஞ்சுவலிக்காரருக்கு அந்த 14 நிமிடத்துக்குள் இதயமே நின்றுவிடலாம். நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தும் முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவிகிதம் குறைகிறது.

வண்டி ஏன் திரும்பிப் போனது என்று திருமுல்லைவாயலில் காத்திருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குக் கோபம்தான் வரும்.

'காலி' என்றால் என்ன?

நோயாளியை மருத்துவமனையில் விட்டதும் வண்டி காலியாகிவிடாது. ஆவடியிலிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போனால், அங்கே நோயாளியை ஒப்படைக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் திரும்பக் கிடைக்க வேண்டும், வண்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகு நெரிசலில் ஊர் திரும்ப வேண்டும். ஒரே ஓட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம்.

நம் கணக்கில் இப்போது ஆவடியிலும் அம்பத்தூரிலும் வண்டி இல்லை. பூந்தமல்லி வண்டியைப் பருத்திப்பட்டு பக்கம் நகர்த்தி நிறுத்தினால் ஆவடிக்கும் அது கைகொடுக்கும். ஆனால், பூந்தமல்லிக்காரர்கள் சில நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க நேரும். ஓர் ஊருக்குக் கிடைக்கும் நிமிடம் இன்னோர் ஊரிலிருந்துதான் வருகிறது.

எங்கே தவறுகிறது?

போனை எடுப்பவர் நோயாளியைப் பார்க்க முடியாது. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் தீவிரத்தை எடைபோட முடியும். சந்தேகம் வந்தால், நிலைமை மோசம் என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆனால், கால் முறிவுக்கும் "உயிர் போகுது" என்று எல்லோரும் சொன்னால், நிஜமாகவே உயிர் போகிறவருக்கு முன்னுரிமை தர வழியில்லாமல் போகும்.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் ஆபத்தானது. இதயம் நின்ற சிலர் முதல் சில நிமிடங்களுக்கு விட்டுவிட்டுத் திணறி மூச்சு இழுப்பதுபோல் தெரியும். "மூச்சு இருக்கா?" என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் "இருக்கு" என்று சொல்லிவிடுவார். அது சரியான மூச்சு அல்ல. "கூப்பிட்டால் அசையவில்லை, எப்போதாவது ஒருமுறை மூச்சு இழுக்கிறார்" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.

புறநகர்க்காரர்கள் இடம் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நகர் பெயர், தெருப் பெயரோடு, தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். எந்த வண்டி முதலில் வந்து சேரும் என்பதை அந்த ஒரு தகவலே மாற்றிவிடலாம்.