ஆறு பாகம் போதும்

தோட்டப்புற வாழ்வைத் தமிழ்ச் சிறுவர்க்குக் கார்ட்டூன் தொடராக ஆக்கிக் காட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், அடுத்து எழுவது எண்ணிக்கைப் பேச்சு. இருபத்தாறு பாகம், பாகத்துக்கு அரைமணி நேரம், வாரந்தோறும் தவறாத வெளியீடு என்று திட்டம் விரிகிறது. தாத்தாக்கள் சஞ்சிக்கூலியாய் வந்த கப்பல் முதல் தோட்டம் துண்டாடப்பட்ட நாள் வரை அனைத்தும் அதில் அடங்க வேண்டுமாம். இந்த ஆசையே அத்தொடரைப் பிறக்கவிடாமல் தடுக்கும் முதற்பகை.

கணக்கை எடுத்துப் பார்க்கட்டும். உருவங்களைக் கைவேறு கால்வேறாக வரைந்து, கணினியில் மூட்டுவைத்து அசைக்கும் எளிய முறையிலேயே வேலை நடப்பதாகக் கொள்வோம். புதிதாகக் கற்ற ஒருவர் நாளொன்றுக்கு நான்கு நொடிக் காட்சியை ஒழுங்காக முடித்தால் அது நல்ல உழைப்பு. மூவர் கூடினால் பன்னிரண்டு நொடி. அரைமணி நேர நிகழ்ச்சி என்பது விளம்பரம் நீங்கலாக ஏறத்தாழ 22 நிமிடம். அத்தகைய 26 பாகங்களுக்கு 34,320 நொடி வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் உழைத்தால் அம்மூவருக்கு அது பதினொரு ஆண்டு வேலை. முதற்பாகத்தைக் கண்ட சிறுமி இறுதிப் பாகம் வரும்போது பல்கலைக்கழகத்தில் இருப்பாள்.

இதே மூவர் ஐந்து நிமிடப் பாகம் ஆறு செய்வதானால் 1,800 நொடி, முப்பதே வாரம். இவ்வளவு சிறியதா என்று ஏளனம் செய்வோர் இந்நாட்டிலேயே நடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். லெஸ் கொபாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ‘உப்பின் இப்பின்’ தொடரைத் தொடங்கியபோது அது ஆறே பாகங்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே. ‘நாளை நோன்பு’ என்று தொடங்கிப் பெருநாளில் முடிந்தது. நோன்பைப் புதிதாகப் பழகும் இரட்டைப் பிள்ளைகள், பாட்டி, அக்காள் என்ற ஒரு வீட்டைச் சுற்றியே கதை அமைந்தது. மறு ஆண்டு பாகங்கள் பன்னிரண்டாயின, 2009இல் நாற்பத்திரண்டாயின. வளர்ந்தபின் நீண்டதேயன்றி, நீண்டதால் வளர்ந்ததன்று. அக்கம்பத்தில் முத்துவும் அவர் மகன் ராஜூவும் உண்டு. ஆனால் அவர்கள் அங்கே அண்டைவீட்டார். தமிழ்ப்பிள்ளை தன் வீட்டையே நடுவில் வைத்துக் காணும் தொடர் தமிழர் செய்தாலன்றி வாராது.

அவ்வாறாயின் ஆறு பாகங்களில் நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றை எவ்வாறு அடக்குவது? நோன்பு மாதம் அத்தொடருக்குத் தந்ததை ரப்பர் மரம் தோட்டத்துக்குத் தரும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை சிவந்து உதிர்கிறது, பால் குறைகிறது, கூலியும் குறைகிறது, பின்னர்த் துளிர் வருகிறது. தொடக்கம், நெருக்கடி, முடிவு மூன்றையும் மரமே வகுத்துவிட்டது. எழுத்தாளன் செய்யவேண்டியது அதற்குள் ஒரே ஒரு கேள்வியை நிறுத்துவது.

காட்டாக, 1970களின் தோட்டமொன்றில் பால்வெட்டும் பாட்டியும் அவள் பேத்தியும் பேரனும் வாழ்கின்றனர். இடைநிலைப்பள்ளிக்குச் செல்லவேண்டிய பேத்திக்குச் சைக்கிள் கிடைக்குமா என்பதே கேள்வி. முதற்பாகத்தில் பாட்டி வாக்களிக்கிறாள். அன்றே ஓர் இலை சிவக்கிறது. இரண்டாவதில் பால்வாளி பாதிகூட நிறையவில்லை. மூன்றாவதில் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தை மூடுகிறார். நான்காவதில் பிள்ளைகள் பணம் சேர்க்க ஒட்டுப்பாலைத் திரட்டுகின்றனர். அது தோட்டத்தின் உடைமை என்பதால் கங்காணியிடம் அகப்படுகின்றனர். ஐந்தாவதில் பாட்டி தன் பற்றாக்குறையை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள். ஆறாவதில் துளிர் விடுகிறது. புதிய சைக்கிள் வரவில்லை. பாட்டி விடியலில் மரத்துக்கு ஓட்டிச் செல்லும் பழைய சைக்கிள் நண்பகலில் திரும்பிவிடும். பேத்திக்கோ பிற்பகல் பள்ளி. கேள்விக்கு விடை அவ்வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது.

ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சிறு காரியம் தொடங்கி அங்கேயே முடிய வேண்டும். பெரிய கேள்வி மட்டும் ஓரடி நகர வேண்டும். இடையில் வந்து பார்க்கும் பிள்ளைக்கும் அப்போதுதான் கதை விளங்கும். பாகத்துக்கொரு நீதி என்று கட்டுவோர் இதைக் கெடுக்கின்றனர். நீதி வாரந்தோறும் மாறும்போது, அதைச் சுமக்கும் பாத்திரமும் ஒருவாரம் சோம்பேறியாகவும் மறுவாரம் உத்தமனாகவும் மாறிவிடுகிறது. அவனை எந்தப் பிள்ளை நினைவில் வைக்கும்?

பாத்திரங்கள் ஐந்து போதும். முன்புறம், பக்கம், சாய்வு, பின்புறம், வாய் அசைவுகள், கைவடிவங்கள் என ஒவ்வோர் உருவமும் கேட்கும் வேலை மிகுதி. மீண்டும் மீண்டும் வருபவர்க்கே அவ்வுழைப்பு ஈடாகும். இடங்களும் லயத்து வாசல், பெரட்டுக்களம், கடை, பால்காடு என நான்கு போதும். ஒரே பால்காட்டை இலையோடும், உதிர்ந்தும், துளிரோடும் மூன்றாக வரைந்தால் காலமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் உதிர்காலத்தில் ரப்பர்விதை வெடித்துச் சிதறுவதாக ஒரு காட்சி வைத்தால், தோட்டத்து முதியவர் சிரித்துவிடுவார். விதை வெடிப்பது ஆண்டின் பிற்பகுதியில். அத்தகைய பிழையை வரைவதற்கு முன்பே பிடிக்க அம்முதியவரை அருகில் அமர்த்தவேண்டும்.

வேலையின் ஒழுங்கும் முக்கியம். கதை, கதைப்பலகை, குரல்பதிவு ஆகியவற்றுக்குப் பத்து வாரம் செல்லட்டும். பின்னர் அசையாப் படங்களைக் குரலோடு கோத்து ஐந்து நிமிட முன்னோட்டமாக்கி ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். அங்கே அவர்கள் நெளிந்தால் அசைவு அக்கதையைக் காப்பாற்றாது. அங்கே வெட்டப்படும் அரை நிமிடம், மூவருக்கு இரண்டரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். அசைவுக்கு முப்பது வாரம், இசைக்கும் ஒலிக்கும் திருத்தத்துக்கும் ஆறு, தீபாவளிக்கும் நோய்க்கும் நான்கு. ஆக ஐம்பது வாரம். ஓர் உதிர்காலத்தைத் தோட்டத்தில் கண்டெழுதி, மறு உதிர்காலத்தில் வெளியிடுவது இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

மூன்று பாகம் முடிந்ததும் வாரம் ஒன்றாக வெளியிடலாமே என்போர் உளர். ஒரு பாகத்தின் அசைவுக்கு மட்டுமே ஐந்து வாரம். முதற்பாகம் வெளியான மூன்றாம் வாரம் வரவேண்டிய நான்காம் பாகம் ஐந்தாம் வாரத்துக்கு முன் வாராது. ஐந்தாம் பாகம் ஆறு வாரமும் ஆறாம் பாகம் பத்து வாரமும் பிந்தும். காத்திருந்து ஏமாறிய பிள்ளையைத் திரும்ப அழைப்பது அரிது. ஆகவே ஆறும் முடிந்தபின்னரே முதலாவது வெளிவர வேண்டும்.

சிரம்பானைச் சுற்றிய தோட்டங்களில் பல வீட்டு மனைகளாகிவிட்டன; எஞ்சியவற்றிலும் பெரும்பாலும் செம்பனை. இலை சிவந்ததும் கூலி குறைந்த நாளை நினைவிலிருந்து சொல்லக்கூடியோர் முதுமையில் இருக்கின்றனர். பதினொரு ஆண்டுத் திட்டத்துக்காக அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். ஓராண்டுத் திட்டத்துக்குக் காத்திருப்பார்கள்.