நீர்க்குறியில் இருக்கும் இரண்டு பெயர்கள்

பெங்களூரு தொம்மலூரில் உள்ள சொக்கப்பெருமாள் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் அவ்வூரின் பெயர் தொம்பலூர் என வருகிறது. இந்தப் பெயர் மாற்றத்தை விளக்கி மொழியியல் மாணவர் ஒருவர் ஒரு நிமிடக் காணொலி எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். யூடியூப் ஷார்ட்ஸில் வெளியிடுகிறார். பிறகு யூடியூப் ஸ்டுடியோவிலிருந்து அதையே பதிவிறக்கி இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார். பதிவிறக்கிய பிரதியில் ஷார்ட்ஸின் நீர்க்குறி ஏறியிருக்கும். 2022 ஆகஸ்டு முதல் யூடியூப் இதனைச் செய்துவருகிறது. கல்வெட்டும் விளக்கமும் குரலும் மாணவருடையவை. ஆயினும் இரண்டாம் தளம் அதனை வேறிடத்திலிருந்து வந்த பழைய சரக்காகவே எடுத்துக்கொள்ளும்.

இதனைத் தளமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிற செயலிகளின் இலச்சினையோ நீர்க்குறியோ வெளிப்படையாகத் தெரியும் ரீல்ஸ் எளிதில் கண்டடையப்படாதவாறு செய்யப்படும் என்று இன்ஸ்டாகிராம் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. காணொலி நீக்கப்படுவதில்லை, பின்தொடர்வோருக்கு அது காட்டப்படவும் கூடும். குறைவது பரிந்துரை, அதாவது பின்தொடராத அந்நியரிடம் தளம் தானாகக் கொண்டுசேர்க்கும் பங்கு. ஒரு துறையின் செய்தியைத் துறைக்கு வெளியே எடுத்துச் செல்ல விரும்புபவருக்கு வேண்டியதோ அந்தப் பங்குதான்.

இவ்விதியின் வேர் இந்தியாவில் தெளிவாகத் தெரிகிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் இங்கே தடைசெய்யப்பட்டன. ஜூலை 8 அன்று ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் ஷார்ட்ஸின் சோதனை வடிவம் இங்கேதான் தொடங்கியது. டிக்டாக்கின் கேமராவிலேயே படம்பிடித்து, மூலக் கோப்பைத் தனியே வைத்திராதவரிடம் எஞ்சியது நீர்க்குறி பதிந்த பதிவிறக்கம் மட்டுமே. புதிய தளங்களுக்கோ உள்ளடக்கம் வேண்டும், ஆனால் அதில் போட்டியாளரின் விளம்பரம் வேண்டாம். தரம், தனித்தன்மை என்ற சொற்களால் பேசப்படும் இவ்விதியில் வணிக நலனுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

டிக்டாக்கின் நீர்க்குறியில் நிறுவனத்தின் இலச்சினையும் படைத்தவரின் கணக்குப் பெயரும் ஒன்றாக நின்றன. முன்னது விளம்பரம்; பின்னது உரிமைக் குறிப்பு. தண்டனை முன்னதற்கு விதிக்கப்பட்டாலும், அதைத் தவிர்க்க வெட்டும்போது பின்னதும் போய்விடுகிறது. மேற்கோளின் மூலத்தைக் காட்டுவது நேர்மை என்று பயின்ற ஆய்வுலகத்துக்கு இது தலைகீழ் நெறி. எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் பிரதி பின்னுக்குப் போகிறது. தடயத்தைத் துடைத்த பிரதி முன்னுக்கு வருகிறது. பிறர் காணொலியிலிருந்து குறியை அழித்துத் தம் கணக்கில் ஏற்றுபவருக்கு இது நல்ல வசதி. 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம், ஒரே காணொலியின் பிரதிகளுள் மூலத்தைப் பரிந்துரைக்கப் போவதாக அறிவித்ததை, குறியை மட்டும் பார்ப்பதன் போதாமைக்கான சான்றாகக் கொள்ளலாம்.

மாணவரிடம் திரும்புவோம். நீர்க்குறி விழும் பகுதியை வெட்டினால் கல்வெட்டின் ஓரத்து எழுத்துகளும் போய்விடலாம்; மங்கலாக்கினால் அந்த மங்கலே கண்ணை உறுத்தும். ஒவ்வொரு பதிவிறக்கமும் மறு ஏற்றமும் படத்தை மீண்டும் சுருக்குவதால், தேய்ந்த எழுத்துகள் மேலும் தேய்கின்றன. சரியான வழி இவற்றுக்கு முந்தையது. தொலைபேசியின் சொந்தக் கேமராவில் எடுத்து, தளத்துக்கு வெளியே தொகுத்து, 1080×1920 அளவில் ஒரே மூலக் கோப்பாகச் சேமித்து, அதையே ஒவ்வொரு தளத்துக்கும் நேரடியாக ஏற்ற வேண்டும். பின்னணி இசையை ஒரு தளத்தின் நூலகத்திலிருந்து எடுத்தால் அதன் உரிமம் பிற தளங்களுக்குச் செல்லாது. விளக்கக் காணொலிக்கு மாணவரின் குரலே போதும். அவர் பெயரையும் கல்வெட்டின் மூலத்தையும் படத்துக்குள்ளேயே எழுதிவிடலாம். விதி குறிவைப்பது பிற செயலியின் முத்திரையை, ஆசிரியரின் பெயரை அன்று.

சென்றடைவு குறைந்தால் உடனே நீர்க்குறியைக் குற்றம்சாட்டுவதும் ஆய்வாளருக்கு அழகன்று. தலைப்பு, வெளியிட்ட நேரம், முதல் சில வினாடிகள் என மாறிகள் பல. இன்ஸ்டாகிராமில் Account Status பகுதி, பரிந்துரைக்குத் தகுதியற்றதாகக் கருதப்பட்ட பதிவுகளைக் காட்டும். அங்கே ஒன்றும் இல்லையெனில், பின்தொடராதோரிடமிருந்து வந்த பார்வைகளின் விழுக்காட்டை அதே கணக்கின் குறியற்ற காணொலிகள் பலவற்றோடு ஒப்பிட வேண்டும். மொத்தப் பார்வைகள் குறைந்தும் அந்த விழுக்காடு மாறாதிருந்தால், காரணத்தை வேறிடத்தில் தேடுவதே முறை.