சந்தாக் கணக்குக்கு நான்கு எண் போதும்

சந்தாத் தொழில் நடத்துகிறவர் எவ்வளவு எண்களைப் பார்க்கிறாரோ அந்த அளவுக்குத் தொழில் அவர் கட்டுப்பாட்டில் இருக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. இருநூறு முந்நூறு சந்தாதாரர்களை வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள்கூட மாதாந்தரத் தொடர்வருமானம், விலகல் சதவீதம், ஒரு வாடிக்கையாளரின் வாழ்நாள் மதிப்பு என்று இருபது கட்டங்கள் கொண்ட டாஷ்போர்டைத் திறந்துவைத்துக்கொண்டு வாரத்தைத் தொடங்குகின்றன. இந்த அளவுகள் முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய, பல்லாயிரம் வாடிக்கையாளர்கள் கொண்ட மென்பொருள் நிறுவனங்களிடையே வளர்ந்து நிலைத்தவை. சிறு தொழிலில் அவை உதவாதது மட்டுமல்ல, தவறான முடிவுக்கும் இழுத்துச் செல்கின்றன.

போட்டித் தேர்வுக்கு இணையத்தில் மாதிரித் தேர்வுகள் நடத்தும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். மாதச் சந்தா 299 ரூபாய், சந்தாதாரர்கள் 240 பேர், மாதத்துக்குச் சராசரியாகப் பத்துப் பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு அது இரண்டு பேருக்குச் சற்று மேல். இப்படிப்பட்ட தொழிலில் எதுவும் மாறாமலே, பத்து வாரத்துக்கு ஒரு வாரம் போல ஒருவரும் விலகாமல் இருப்பார்கள். ஏறக்குறைய அதே அளவுக்கு, ஐந்து பேரோ அதற்கு மேலோ விலகும் வாரமும் வரும். இரண்டும் தற்செயலின் ஏற்ற இறக்கம்தான். டாஷ்போர்டோ ஒரு வாரம் பூஜ்யம் என்றும் அடுத்த வாரம் 2.1 சதவீதம் என்றும் காட்டி, சிவப்பு அம்புக்குறியும் போடும். அதைப் பார்த்து விலையைக் குறைப்பவரும் விளம்பரத்தை நிறுத்துபவரும் நடக்காத ஒன்றுக்கு மருந்து தேடுகிறார்கள்.

வாழ்நாள் மதிப்பு இதைவிட மோசம். மாதச் சந்தாவை விலகல் விகிதத்தால் வகுத்து வருவது அது. மாதம் பத்துப் பேர் விலகினால் ஒரு சந்தாதாரரின் மதிப்பு 7,176 ரூபாய். பதின்மூன்று பேர் விலகினால் 5,520. ஏழு பேர் என்றால் 10,251. மேலும் கீழும் மூன்று பேர் என்பது எந்த மாதத்திலும் இயல்பாக நடக்கக்கூடியது. அதற்கே மதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசப்படுகிறது. இந்த எண்ணை நம்பி, ஒரு புதிய சந்தாதாரரைப் பிடிக்க எவ்வளவு செலவிடலாம் என்று தீர்மானிப்பது ஆபத்தானது.

அப்படியானால் வாரந்தோறும் பார்க்க வேண்டியது எது? வாரத்துக்குள் தெரிந்தால் வாரத்துக்குள் சரிசெய்யக்கூடிய எண் மட்டுமே அந்த இடத்துக்குத் தகுதியானது. இந்த அளவுகோலை வைத்துச் சலித்தால் நான்குதான் மிஞ்சுகின்றன: இந்த வாரத் தவணைகளில் முதல் முயற்சியிலேயே வசூலானது எத்தனை, தவறியவற்றில் பிறகு மீட்டது எத்தனை, வந்தவர் போனவர் தலைக்கணக்கு, வங்கிக்கு உண்மையில் வந்து சேர்ந்த தொகை.

இவற்றில் முதல் இரண்டுக்குத்தான் அதிக கவனம் தேவை, ஏனென்றால் இந்தியாவில் சந்தா வருமானம் ஓசையில்லாமல் கசியும் இடம் அதுதான். ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த பிறகு, தானியங்கிப் பற்றுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். நாளை 299 ரூபாய் எடுக்கப்படும் என்ற செய்தியைப் பார்த்ததும் சிலர் தங்கள் யுபிஐ செயலிக்குள் போய் ஆட்டோபே அனுமதியை ரத்து செய்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள விலகல் பொத்தானை அவர்கள் தொடுவதே இல்லை. அதனால் பல டாஷ்போர்டுகளில் அது தெரிந்தே விலகியதாகப் பதிவாகாமல், பணம் தவறியதாகப் பதிவாகிறது. விருப்ப விலகல் ஒரு பக்கம், பணம் தவறிய விலகல் மறு பக்கம் என்று அழகாகப் பிரித்துக் காட்டும் வட்ட வரைபடம் இங்கே நம்பத்தக்கதல்ல. தவறிய ஒவ்வொரு தவணையின் காரணத்தையும் பெயர் பெயராகப் படிப்பதுதான் வழி. வாரத்துக்கு எட்டு பத்துப் பெயர் என்பதால் சிறு தொழிலுக்கு அது முடியும். பெரிய நிறுவனத்துக்குக் கிடைக்காத வசதி அது.

மேற்படி நிறுவனத்தில் ஒரு வாரம் 58 பேருக்குத் தவணை வருகிறது, அதாவது 17,342 ரூபாய். முதல் முயற்சியில் 49 பேரிடம் வசூலாகிறது. ஒன்பது தவறுகிறது. காரணங்களைப் படித்தால் ஐவர் கணக்கில் இருப்பு இல்லை, இருவரின் கார்டு காலாவதி, இருவர் ஆட்டோபே அனுமதியை ரத்து செய்தவர்கள். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. இருப்பு இல்லாதவரிடம் மறுநாளே மறுபடி முயல்வது பெரும்பாலும் வீண். சம்பளம் வரும் நாளுக்குப் பிறகு முயன்றால் கிடைக்கும். யுபிஐ ஆட்டோபேயில் ஒரு தவணைக்கு ஒரு முயற்சியும் அதிகபட்சம் மூன்று மறுமுயற்சிகளும்தான் அனுமதி என்பதால் அவற்றை அடுத்தடுத்த நாளில் தீர்த்துவிடுவது நஷ்டம். கார்டு காலாவதியானவரிடம் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை, அவருக்குப் பணம் செலுத்தும் இணைப்பை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அனுமதியை ரத்து செய்தவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். ஏன் விலகினார் என்று ஒரே ஒரு முறை கேட்டு விட்டுவிடுவதுதான் மரியாதை.

இப்படிச் செய்ததில் இருப்பு இல்லாத ஐவரில் நால்வரும், கார்டு காலாவதியான இருவரும் பணம் கட்டினார்கள் என்றால் மீட்டது ஆறு, இழந்தது மூன்று. இறுதி வசூல் 55 பேர், 16,445 ரூபாய். முதல் முயற்சி வெற்றி 84 சதவீதம், இறுதி வெற்றி 95 சதவீதம். இந்த இரண்டு எண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும். முதல் எண் விழுந்தால் பணம் செலுத்தும் வழியில் கோளாறு. முதல் எண் அப்படியே இருந்து இரண்டாவது விழுந்தால், தவறியவர்களைப் பின்தொடரும் வேலை நின்றுபோயிருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான டாஷ்போர்டுகள் சறுக்குவது இதில்தான். கணக்கைப் பணம் வந்த தேதியின்படி போடக் கூடாது, தவணைத் தேதியின்படிதான் போட வேண்டும். இந்த வாரம் தவறியவர்களில் மீட்ட ஆறு பேரின் பணம் அடுத்த வாரம்தான் வரும். பணம் வந்த தேதியின்படி கூட்டினால் அது அடுத்த வார வசூலில் சேர்ந்து, அந்த வாரத்தின் சரிவை மறைத்துவிடும். சென்ற வாரத்து மீட்பு இந்த வாரத்தை நன்றாகக் காட்டும். பல வாரம் மொத்த வசூல் சமமாகவே தெரியும், அடியில் முதல் முயற்சி வெற்றி இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு வாரத் தவணைக் கூட்டத்துக்கும் தனி வரிசை ஒதுக்கி, மறுமுயற்சிகள் முடியும்வரை அந்த வரிசையைத் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

அதேபோல் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதும் பிழை. மாதத்தின் முதல் வாரத்தில் சேர்ந்தவர்கள் அதிகம் என்றால் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில்தான் தவணையும் அதிகம். இருப்பு இல்லாமல் தவறுவது மாதக் கடைசியில் கூடும். ஒப்பீடு போன மாதத்தின் இதே வாரத்தோடு இருக்க வேண்டும்.

எப்போது பதற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது. வழக்கமாக 58 தவணையில் ஒன்பது தவறும் என்றால் பன்னிரண்டு, பதினான்கு தவறுவதும் தற்செயலுக்குள் அடங்கும். பதினெட்டைத் தொட்டால் எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியது ஒன்றே: தவறியவை எல்லாம் ஒரே வங்கியா, ஒரே வழியா? எல்லாமே கார்டு என்றால் பேமென்ட் கேட்வே பக்கம் விசாரிக்க வேண்டும். பரவலாக இருந்தால் காரணம் வாடிக்கையாளர் பக்கம்.

மூன்றாவது எண்ணான தலைக்கணக்கில் சதவீதம் வேண்டாம். புதியவர் ஆறு, போனவர் மூன்று என்று எழுதினால் போதும். ஆனால் போனவர் யார் என்பதில் கேட்வேயின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ரேஸர்பேயில் தவணை தவறிய சந்தா `pending` நிலைக்குப் போகிறது, மறுமுயற்சிகள் எல்லாம் தோற்ற பிறகே `halted` ஆகிறது. இடையில் நிற்பவர்களையும் நடப்புச் சந்தாதாரர் என்று எண்ணும் டாஷ்போர்டு, பணம் கட்டாதவர்களைக் காட்டி வருமானத்தை ஊதிப் பெரிதாக்குகிறது. இடைநிலையில் உள்ளவர்களைத் தனியே எழுத வேண்டும். தேர்வு முடிந்த மாதத்தில் இந்த நிறுவனத்தில் கூட்டமாக விலகல் நடக்கும். அது சேவையின் குறை அல்ல, படிப்பு முடிந்ததுதான். பெயர்களைப் படிப்பவருக்கு அது உடனே புரியும், வரைபடத்துக்குப் புரியாது.

நான்காவது எண் சுருக்கமானது. கேட்வே கட்டணம் இரண்டு சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 16,445 ரூபாயில் 388 ரூபாய் போய் 16,057 வங்கிக்கு வர வேண்டும். பணம் இரண்டொரு வேலை நாள் தாமதித்து வரும் என்பதால் வார எல்லையில் சிறு வித்தியாசம் இயல்பு. அடுத்த வாரமும் தீராத வித்தியாசம் ரீஃபண்டாக இருக்கலாம், வாடிக்கையாளர் வங்கியில் எழுப்பிய தகராறாக இருக்கலாம், இரட்டைப் பற்றாகவும் இருக்கலாம். இவற்றில் இரட்டைப் பற்றுதான் அவசரமானது. அன்றே திருப்பித் தர வேண்டும்.

விலகல் சதவீதமும் தொடர்வருமானமும் மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் மூன்று மாதச் சராசரியாகப் பார்த்தால் போதும். ஆண்டுச் சந்தா விற்கும் நிறுவனம் அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நான்கு பேருக்கு ஆண்டுச் சந்தா விற்ற வாரம் பொற்காலமாகத் தெரியும். சந்தாதாரர் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டு, வாரத் தவறல் ஐம்பது அறுபதாகும்போது பெயர்ப் பட்டியலைப் படிக்க முடியாது. சதவீதங்களும் காரணவாரியான தொகுப்பும் அப்போதுதான் தேவைப்படும். அதுவரை ஒரு விரிதாளில் வாரத்துக்கு ஒரு வரிசை, அதன் கீழே தவறியவர்களின் பெயரும் காரணமும் போதுமானது.