பகிர முதல் மறையுங்கோ

"இந்த அடையாள அட்டை பஸ் ஸ்டாண்டில் கிடந்தது. உரியவரிடம் சேரும்வரை பகிருங்கள்." இப்படியான பதிவுகளை முகப்புத்தகத்திலும் வட்ஸ்அப் குழுக்களிலும் அடிக்கடி காண்கிறோம். போடுகிற ஆக்களின் மனசு நல்லதுதான். ஆனால் அட்டையை முழுசாகப் படமெடுத்துப் போடுவது உதவியில்லை. அட்டையைத் தொலைத்தவர் இப்ப தன்ர இலக்கத்தையும் விலாசத்தையும் சேர்த்துத் தொலைக்கிறார்.

"பிறந்த திகதியை மறைச்சுப் போட்டம்தானே" என்பார்கள். அது போதாது. எங்கட 12 இலக்க அடையாள எண்ணில் முதல் நாலும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். ஒரு எண் 2001563 என்று தொடங்கினால், 563இல் 500 போக 63. இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள். ஆகவே அவர் 2001 மார்ச் 3இல் பிறந்த பெண். கடைசி இலக்கங்களை மட்டும் மறைத்தாலும் இது அப்படியே தெரியும். மறைத்தால் முழு எண்ணையும் மறைக்கவேணும்.

மங்கலாக்குவதையும் நம்பாதேங்கோ. இலக்கங்கள் பத்தே பத்து வடிவம்தான். ஒவ்வொன்றையும் அதே அளவுக்கு மங்கலாக்கி ஒப்பிட்டால் எது எதுவென்று பிடிக்கலாம். போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கீறினாலும் உள்ளே இருப்பது கொஞ்சம் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் இலக்கம் வெளியில் வந்துவிடும். ஒளி புகாத கறுப்புப் பெட்டி ஒன்றை மேலே வையுங்கோ. விலாசம் இருக்கிற பக்கத்தைப் படமெடுக்கவே தேவையில்லை.

அடுத்தது, வெட்டின படம் உண்மையிலேயே வெட்டுப்பட்டதா? கூகுள் பிக்சல் போன்களின் திருத்தும் கருவியில் வெட்டிய படங்களில், வெட்டின பகுதி கோப்புக்குள்ளேயே மிஞ்சிக் கிடந்தது 2023இல் தெரியவந்தது. பிறகு அதைச் சரிசெய்தார்கள். ஆனாலும் மறைத்து முடித்த படத்தைத் திரையில் திறந்து, ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்தப் புதிய பிரதியை மட்டும் அனுப்புவதே நல்லது. அதற்குள் மறைத்த இலக்கம் இல்லவே இல்லை. இருநூறு பேர் மீளப் பகிர்ந்தாலும் எவராலும் அதைத் தோண்டி எடுக்க ஏலாது. முழுப் படத்தை ஒருக்கா அனுப்பினால், பிறகு நீங்கள் உங்கட பதிவை அழித்தாலும் மற்றவையின் போனில் சேமித்த பிரதி அழியாது.

"எல்லாத்தையும் மறைச்சா உரியவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?" பெயரும் கிடந்த இடமும் போதும். சொல்லப்போனால் மறைத்த இலக்கம்தான் உங்கட பூட்டு. தொடர்புகொள்கிறவரிடம் முழு எண்ணையும் கேளுங்கோ. சரியாகச் சொன்னால் அட்டையைக் குடுங்கோ. எண்ணை ஏற்கெனவே ஊருக்கே காட்டிவிட்டால், வருகிறவர் சொந்தக்காரரா கள்ளனா என்று எதை வைத்துக் கேட்பீர்கள்? ஒருத்தரும் வராவிட்டால் பொலிஸில் ஒப்படையுங்கோ.