நான்கு ட்ரே, இருபது டப்பா

அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நாலடி நீள இரும்பு அலமாரி ஒன்றுக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். 10-க்கு 20 அங்குல ட்ரேக்களை அடுக்குக்கு நான்கு வைக்கலாம். நான்கு அடுக்குக்குப் பதினாறு. மைக்ரோகிரீன்ஸ் தொழிலுக்கு வருகிறவர்கள் பலர் இந்தப் பதினாறை வைத்துத்தான் வருமானத்தைக் கணக்கிடுகிறார்கள். தடுக்கி விழுவதும் அங்கேதான்.

எளிதில் வளரும் முள்ளங்கியையே எடுத்துக்கொள்ளலாம். ட்ரேயில் ஓர் அங்குலம் தென்னை நார்க்கழிவைப் பரப்பி, 30 முதல் 40 கிராம் விதையை ஒன்றன்மேல் ஒன்று படாமல் தூவ வேண்டும். கடையில் சாகுபடிக்கு விற்கும், மருந்து பூசிய வண்ண விதை இதற்கு ஆகாது. தண்டோடும் இலையோடும் பச்சையாகத் தின்னும் பொருள் இது. முதல் மூன்று நாள் ட்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பாரம் வைத்து இருட்டில் விட்டால் முளைகள் பாரத்தை முட்டிக்கொண்டு சீராக எழும். பிறகு நாலைந்து நாள் வெளிச்சம். எட்டாம் நாள் அறுவடை. ஒரு ட்ரேக்கு ஏறக்குறைய 250 கிராம்.

மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் பதற வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் அது மறைந்தால் வேர்த்தூவி. மறையாமல் சிலந்தி வலை போல முளைக்கு முளை தாவி, ஊசல் வாடையும் அடித்தால் பூஞ்சணம். அந்த ட்ரேயைக் கழித்துவிட வேண்டும். மே மாத வெக்கையில் இந்தத் தொல்லை கூடும். அப்போது விதையைக் குறைத்துத் தூவி, மின்விசிறியை ஓடவிட்டு, தண்ணீரை மேலே தெளிக்காமல் அடித்தட்டில் ஊற்றுவது உதவும்.

இனி விற்பனை. பதினாறு ட்ரேயும் எட்டு நாளில் நான்கு கிலோ தரும். 50 கிராம் டப்பாவாகப் போட்டால் எண்பது. குளிர்பெட்டியில் ஐந்தாறு நாளுக்கு மேல் நிற்காத இந்தக் கீரையை அத்தனை பேரிடம் சேர்ப்பது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமல்ல.

ஆகவே, வாரம் நான்கு ட்ரே. வியாழன் விதைத்து அடுத்த வெள்ளி அறுத்தால் ஒரு கிலோ, இருபது டப்பா. நாலு டப்பா மாதிரிக்கும் கழிவுக்கும் போனாலும், மீதிப் பதினாறை 80 ரூபாய் வீதம் விற்றால் 1,280 ரூபாய் கைக்கு வரும். விதை, நார்க்கழிவு, டப்பா, விளக்குக்கான மின்சாரம் எல்லாம் சேர்ந்து 300 ரூபாய்க்குள் அடங்கும். பக்கத்துக் குடியிருப்புகளிலேயே கொடுத்தால் வண்டிச் செலவு மிச்சம். மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாய் தேறும். இதில் அலமாரி, ட்ரே, விளக்கு வாங்கிய முதலையும் கழிக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, மூன்று மாதம் இந்த இருபது டப்பாவையே ஓட்டிப் பார்க்கலாம். வாரம் தவறாமல் வாங்குகிற வீடுகள் பதினாறைத் தாண்டும்போது ஐந்தாவது ட்ரே விதைத்தால் போதும். அலமாரியின் மற்ற மூன்று அடுக்கிலும் அதுவரை புதினாத் தொட்டியோ துளசியோ இருக்கட்டும்.